தடுப்பூசி முகாமுக்கு முன்பே வதந்தியை எதிர்கொள்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் தடுப்பூசி முகாம் வரப்போகிறது. வாட்ஸ்அப் வதந்தி பரவிய பிறகு மறுப்பதைவிட, முன்கூட்டியே பெற்றோரைத் தயார்படுத்தும் 'ப்ரீபங்கிங்' நல்லது என்கிறார்களே, அது உண்மையில் வேலை செய்யுமா?

ஓரளவுக்கு வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் செய்யப்படுவது அதுவல்ல. மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருப்பதால், 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊசிக்கு எதிரான வாட்ஸ்அப் செய்திகள் தமிழ்நாடு முழுவதும் சுற்றின. ஊசி போடும் நாளில் எங்கள் பள்ளியிலும் பல பிள்ளைகள் வரவில்லை. அதற்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில் ஊசியின் நன்மைகளை மட்டும்தான் விளக்கியிருந்தார்கள்.

நன்மையை மட்டும் சொல்வது ஏன் போதாது என்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மக்கைர் 1960களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில் விடை இருக்கிறது. சாப்பிட்ட பின் பல் துலக்க வேண்டும் என்பது போன்ற, யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கைகளை அவர் எடுத்துக்கொண்டார். சிலருக்கு அந்த நம்பிக்கைக்கு ஆதரவான காரணங்களை மட்டும் கொடுத்தார். வேறு சிலருக்கு, அதற்கு எதிரான வாதங்களைச் சற்று வலுக்குறைத்துச் சொல்லி, உடனே அவற்றுக்கு மறுப்பும் கொடுத்தார். பிறகு நம்பிக்கையைக் கடுமையாகத் தாக்கும் கட்டுரையை இரு தரப்பாரும் படித்தபோது, முதல் பிரிவினர் எளிதில் ஆட்டம் கண்டார்கள். இரண்டாம் பிரிவினர் பெருமளவு தாக்குப்பிடித்தார்கள். அதைவிட முக்கியமானது, முன்கூட்டிக் காட்டப்படாத புதிய வாதங்கள் வந்தபோதும் அந்த எதிர்ப்புச் சக்தி ஓரளவு நீடித்தது என்பதுதான். இதைத்தான் இனாகுலேஷன் தியரி, அதாவது தடுப்பூசிக் கோட்பாடு என்கிறார்கள். தடுப்பூசியைப் பற்றிய வதந்திக்கே இந்தப் பெயர் பொருந்தி வருவது தற்செயல்தான்.

ஆகவே கூட்டத்தில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது எச்சரிக்கை: 'நம்மை ஏமாற்ற ஒரு முயற்சி வரக்கூடும்' என்று பெற்றோர் உணர வேண்டும், 'நானெல்லாம் ஏமாற மாட்டேன்' என்று நினைப்பவர் காது கொடுப்பதில்லை. இரண்டாவது, வரப்போகும் பொய்யை வலுக்குறைத்துக் காட்டி அங்கேயே உடைப்பது. நான் பேசுவதாக இருந்தால் ஏறக்குறைய இப்படிப் பேசுவேன்:

"ஊசி போட்டதும் ஓரிரு பிள்ளைகளுக்குப் பயத்திலேயே தலைசுற்றல் வரலாம், ஒரு பிள்ளை விழுவதைப் பார்த்து இன்னொன்றும் விழலாம். படுக்க வைத்தால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சிலருக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம். இதைச் சாக்காக வைத்து, எங்கோ எடுத்த வீடியோவைப் போட்டு, 'டிவியில் காட்ட மாட்டார்கள், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று ஒரு செய்தி வரலாம். வந்தால், எந்த ஊர், என்று நடந்தது, எந்த ஆஸ்பத்திரி என்று அதில் இருக்கிறதா என முதலில் பாருங்கள்."

பக்கவிளைவை மறைக்காமல் சொல்வதுதான் இதில் பாதி வேலை. வதந்தி உண்மையான ஒரு சிறு நிகழ்வைப் பிடித்துக்கொண்டுதான் பரவும். அந்த நிகழ்வைக் கிராம சுகாதார செவிலியரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், மயங்கிய பிள்ளையின் வீடியோ பெற்றோருக்கு அதிர்ச்சியாக இருக்காது. கூடவே, "அப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கு வந்தால் என்ன பதில் போடுவீர்கள்?" என்று தாய்மார்களையே கேட்டுவிடுங்கள்.

இதன் வரம்புகளையும் சொல்ல வேண்டும். விளைவு வாரங்களில் தேயும், அதனால் முகாமுக்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் நினைவூட்ட வேண்டும். 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் யூடியூபில் குறும்படங்களை விளம்பரமாக ஓட்டிப் பார்த்தபோது, சூழ்ச்சி உத்திகளை அடையாளம் காணும் திறன் சராசரியாக 5 விழுக்காடு அளவுக்கே கூடியது. வட இந்தியாவில் வாட்ஸ்அப்பைப் போன்ற ஒரு விளையாட்டை இந்தியில் வைத்துச் சோதித்தபோது பயன் ஏதும் தென்படவில்லை. வெளிநாட்டுப் பொருளை மொழிபெயர்த்து இறக்கினால் போதாது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு கோளாறும் உண்டு. சிலர் எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கி, சுகாதாரத் துறையின் உண்மையான அறிவிப்பையும் பொய் என்று ஒதுக்கிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க, கூட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சில உண்மைச் செய்திகளையும் சில பொய்களையும் கலந்து காட்டிக் கேளுங்கள். பொய்யின் மீதான நம்பிக்கை மட்டும் குறைந்திருந்தால் நல்லது. இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் நீங்கள் வளர்த்தது அவநம்பிக்கையைத்தான். அப்போது அடுத்த கூட்டத்தில் நம்பத்தக்க செய்தியை எப்படி அறிவது என்பதற்கும் அதே அளவு நேரம் கொடுங்கள்.

உங்கள் ஊரில் இதுவரை கேள்விப்படாத ஒரு வதந்தியை மட்டும் விவரமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்; அங்கே ஏமாற்றும் உத்தியை மட்டும் காட்டினால் போதும்.