‘திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது: வைவா குழுவுக்கான திருத்தக் கடிதம்

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் கேட்ட திருத்தங்களுக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய கடித வரைவைப் படித்தேன். 14 திருத்தங்கள், 13 வரிகள், அதில் 11 வரிகளில் ‘பரிந்துரைத்தபடி திருத்தப்பட்டது’ என்ற ஒரே வாக்கியம். ஆய்வேட்டைத் திறந்து பார்த்தால் நீங்கள் எவ்வளவு உழைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் கடிதத்தை மட்டும் படிக்கிறவருக்கு அதில் ஒரு துளிகூடத் தெரியாது. அதை இப்போதே மாற்றிவிடலாம்.

முதலில், இதை யார் படிக்கப் போகிறார் என்று யோசியுங்கள். சிறு திருத்தம் என்றால் பெரும்பாலும் உள் தேர்வாளர் ஒருவரே பார்த்துக் கையெழுத்துப் போடுவார், பெரிய திருத்தம் என்றால் புறத்தேர்வாளருக்கும் போகலாம். யாராக இருந்தாலும் வைவா முடிந்து வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கும், உங்கள் நான்காம் இயலில் என்ன இருந்தது என்பது அவருக்கு நினைவிருக்காது. அவர் தேர்வாளர் அறிக்கையை ஒரு பக்கமும் உங்கள் கடிதத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும், நாங்கள் கேட்டது என்ன, நீ செய்தது என்ன, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற மூன்றுக்கும் அந்த இடத்திலேயே பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் ஆய்வேட்டை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டும், புரட்டும்போது புதிய கேள்விகள் வரும்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: தலைப்பு, வைவா நடந்த தேதி, எத்தனை திருத்தங்கள், அவற்றில் எதை முழுமையாகச் செய்தீர்கள், எதை வேறு வகையில் செய்தீர்கள், அவ்வளவுதான். அதன்பின் அட்டவணை. அதில் தேர்வாளரின் வார்த்தைகளை அப்படியே எடுத்துப் போடுங்கள், உங்கள் மொழியில் சுருக்காதீர்கள். உங்கள் வரைவில் 6-ஆவது திருத்தத்தை ‘மாதிரி அளவு பற்றி விளக்கம்’ என்று சுருக்கியிருக்கிறீர்கள், ஆனால் அறிக்கையில் அந்த ஒரு பத்தியில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன: 62 பேரில் 9 பேரை ஏன் விட்டீர்கள், விடப்பட்டவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்களா, அவர்களைச் சேர்த்தாலும் முடிவு நிற்குமா. சுருக்கியதில் இரண்டு காணாமல் போய்விட்டன. இப்படிப்பட்டதை 6அ, 6ஆ, 6இ என்று பிரித்து எழுதுங்கள்.

இந்த 6-ஆவது திருத்தத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. நீங்கள் செய்தது நல்ல வேலை: இரண்டாம் தேர்வுக்கு வராத அந்த 9 பேரின் முதல் தேர்வு மதிப்பெண்ணை மற்ற 53 பேரோடு ஒப்பிட்டீர்கள், அவர்கள் சராசரியில் குறைவாக இருந்தது தெரிந்தது, பிறகு விடுபட்ட மதிப்புகளை மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் முறையில் மதிப்பிட்டு 62 பேருக்கும் பகுப்பாய்வை மறுபடி ஓட்டினீர்கள். முன்பு 6.1 மதிப்பெண்ணாக இருந்த முன்னேற்றம் 4.4 ஆகக் குறைந்தது, நம்பக இடைவெளியின் கீழ் எல்லை 2.4-லிருந்து 0.3-க்கு வந்தது. இதையெல்லாம் செய்துவிட்டுக் கடிதத்தில் ‘மறுபகுப்பாய்வு செய்யப்பட்டது, முடிவு மாறவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். திசை மாறவில்லை என்பது உண்மை, ஆனால் அளவு மாறியிருக்கிறது, தேர்வாளர் கேட்டதும் அதைத்தான். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘6இ. 62 பேரையும் சேர்த்து மறுபகுப்பாய்வு செய்துள்ளேன் (பகுதி 4.3, பக். 91–93, புதிய அட்டவணை 4.5). முன்னேற்றத்தின் திசை மாறவில்லை, சராசரி 6.1-லிருந்து 4.4 ஆகக் குறைந்துள்ளது, நம்பக இடைவெளியின் கீழ் எல்லை பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. இதற்கேற்ப ஆய்வுச் சுருக்கத்திலும் (பக். iii) முடிவுரையிலும் (பக். 148) “உறுதிப்படுத்துகிறது” என்ற சொல்லை “சுட்டுகிறது” என்று மாற்றியுள்ளேன்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஓர் இடத்தில் எண் மாறினால் ஆய்வுச் சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை என்று அது எங்கெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் மாற வேண்டும். உங்கள் ஆய்வேட்டின் சுருக்கத்தில் இன்னும் 6.1 என்றே இருக்கிறது! பழைய எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்து 3-ஆவது, ‘இலக்கிய மீளாய்வு இன்னும் விமரிசன நோக்கில் இருக்க வேண்டும்’ என்பது. இது மங்கலான கோரிக்கை, இதற்கு ‘மீளாய்வு மேம்படுத்தப்பட்டது’ என்று பதில் எழுதினால் அதுவும் மங்கல்தான். வைவாவில் எந்த ஆய்வைக் காட்டி இதைச் சொன்னார்கள் என்று உங்கள் குறிப்பிலோ நெறியாளரின் குறிப்பிலோ இருக்கும், இல்லையென்றால் நெறியாளர் வழியாகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள், அது தவறே இல்லை. பிறகு, எந்தப் பத்தியில் எந்த இரண்டு ஆய்வுகளின் முரண்பாட்டை எடுத்து அலசினீர்கள் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எழுத்துப்பிழை, மேற்கோள் வடிவம் போன்றவற்றுக்கு இவ்வளவு வேண்டாம், ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இப்போது நீங்கள் பயப்படுகிற 11-ஆவது. இன்னும் ஆறு பேரை நேர்காணல் செய்யச் சொன்னார்கள், நீங்கள் செய்யவில்லை, அதனால் அந்த வரியைக் கடிதத்தில் விட்டுவிட்டீர்கள். விடாதீர்கள். எண் 10-க்கு அடுத்து 12 வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அறிக்கையை மறுபடி படியுங்கள்: ‘செய்ய வேண்டும்’ என்று இல்லை, ‘செய்யலாமா என்று பரிசீலிக்கவும்’ என்று இருக்கிறது. பரிசீலித்ததைச் சொல்லிக் காரணத்தையும் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் காரணம் வலுவானது, நெறிமுறைக் குழுவின் அனுமதி முடிந்துவிட்டது, திருத்தக் காலத்துக்குள் புதிய அனுமதி வராது. அதை இரண்டு வரியில் எழுதி, பதிலாக ஆய்வின் எல்லைகள் பகுதியில் சேர்த்த பத்தியின் பக்க எண்ணைக் கொடுங்கள். ‘வேண்டும்’ என்றே எழுதியிருந்தால் கதை வேறு, அப்போது கடிதத்தில் முதன்முதலாக மறுக்கக் கூடாது, நெறியாளர் மூலம் முன்கூட்டியே குழுவிடம் பேசியிருக்க வேண்டும்.

கேட்காத மாற்றங்களும் நாலைந்து செய்திருக்கிறீர்கள் போல. அவற்றை அட்டவணையின் கீழே ‘பிற மாற்றங்கள்’ என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், தேர்வாளர் தானாகக் கண்டுபிடிக்கும்படி வைக்காதீர்கள்.

பக்க எண்களைக் கடைசியில் போடுங்கள். 91-ஆம் பக்கத்தில் ஒரு அட்டவணை சேர்ந்ததும் அதற்குப் பின்னால் எல்லாமே நகர்ந்துவிடும், உங்கள் வரைவில் பாதி எண்கள் பழைய பிரதியைக் காட்டுவது அதனால்தான். பக்கத்தில் அச்சாகும் எண்ணையே கொடுங்கள், பிடிஎஃப் காட்டும் எண் முன்பக்கங்களையும் சேர்த்து எண்ணும். சுத்தமான பிரதியோடு மாற்றங்கள் தெரியும் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், லேடெக்கில் எழுதியிருப்பதால் இது ஒரு வரி வேலை:

```
latexdiff old.tex new.tex > diff.tex
```

6, 11 இரண்டையும் இன்றிரவு திருத்தி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் முழு அட்டவணையையும் நெறியாளரிடம் காட்டி அவர் சரி சொன்ன பிறகே சமர்ப்பியுங்கள்.