பழைய பிரசங்கமும் புதிய சபையும்

அன்புள்ள ஐயா,

1998-இல் ஒரு கிராமச் சபைக்காக, விடியற்காலையில் வந்த கூலியாட்களுக்கும் சாயங்காலம் கடைசி மணியில் வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கும் மத்தேயு 20-ஆம் அதிகாரத் திராட்சத்தோட்ட உவமையை வைத்துப் பிரசங்கம் எழுதினேன். இப்போது சென்னையில் ஐ.டி. வேலைபார்க்கும் இளைஞர்கள் நடுவே அதே பகுதியைப் பேச வேண்டும். மரணப்படுக்கையில் மனந்திரும்பிய மனிதரின் கதைதான் அதில் முக்கியமான உதாரணம். அதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். எப்படித் திருத்துவது?

ஓர் உபதேசியார்

அன்புள்ள உபதேசியார் அவர்களுக்கு,

வேறு கதை தேடுவதைத் தள்ளிவையுங்கள். முதலில் கையெழுத்துப் பிரதியில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் பென்சிலால் கட்டம் கட்டி, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு கட்டங்களை விட்டுவிட்டு மீதியை வாய்விட்டு வாசியுங்கள். எங்கே பேச்சு அறுந்துபோகிறதோ, அங்கே வேதபகுதி சொல்ல வேண்டியதை உதாரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் மரணப்படுக்கைக் கதைக்கு நேரே, 'கடைசி மணி ஆட்கள் தாமதமாக வந்தவர்கள்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் ஏழாம் வசனத்தைப் பாருங்கள். 'ஏன் சும்மா நிற்கிறீர்கள்' என்று எஜமான் கேட்கும்போது, ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் காலம் கடத்தியவர்கள் அல்ல, கூப்பிடப்படாதவர்கள். ஆகவே அந்தக் கதை பழசு என்பதைவிட, வசனத்தைத் திசைதிருப்புகிறது என்பதே பெரிய குறை. அதே வார்ப்பில் ஒரு ஐ.சி.யூ. கதையை வைத்தாலும் குறை அப்படியே இருக்கும்.

அடுத்து, கேட்கிறவர் உவமைக்குள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அன்றைய கிராமத்தில் கூலிவேலை கிடைக்காமல் திரும்பிய அனுபவம் பலருக்கு இருந்திருக்கும். அவர்கள் சாயங்காலம் ஐந்து மணி ஆட்களோடு நின்றார்கள். உங்கள் இளைஞர்களில் பலர் விடியற்காலையிலேயே கூலி பேசி உள்ளே போனவர்கள். எஜமான் பிந்தினவர்களிலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கியதால்தான் முந்தினவர்கள் அதைப் பார்த்தார்கள், முறுமுறுத்தார்கள். பேசிய ஒரு பணம் அவர்களுக்குக் குறையவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே தொகை என்பதுதான் சுட்டது.

இந்த இடத்துக்கு அப்ரைசல் நாள் பொருந்தும். தன் உயர்வு எவ்வளவு என்று தெரிந்து திருப்தியாக இருந்தவர், அடுத்த மேசைக்காரரின் உயர்வைக் கேட்டதும் வாடிப்போகிறார். அதை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லி நிறுத்துங்கள். சபையில் யாரையும் அடையாளம் காட்டும் விவரம் வேண்டாம். கம்பெனியின் சம்பளக் கொள்கையை விமர்சிக்கப் போனால் உவமை கைநழுவிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு மட்டுமே இந்த உதாரணம். எஜமானின் தயாளத்தை இதை வைத்து விளக்க முடியாது. அதற்கு, 'எல்லாவற்றையும் விட்டோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்' என்று 19:27-இல் பேதுரு கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உவமை அதற்கு வந்த பதிலின் தொடர்ச்சி.

'சமீபத்தில்', 'போன வாரம்' போன்ற சொற்களையும் தேடி அடியுங்கள். பென்சில் எடுப்பதற்கு முன்பே தாளைப் பார்க்காமல் சரளமாக வந்துவிடும் பத்திகள் இருந்தால், அவற்றையே முதலில் சந்தேகப்படுங்கள்.