ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பொய் அலர்ட்

கேள்வி: பவானியில ஜமக்காளம் வியாபாரமுங்க. வெப்சைட்லயும் விக்கிறோம். சைட் விழுந்தா போனுக்குச் சொல்ற சேவை ஒண்ணு இலவசமா வெச்சிருக்கேன். வாரத்துல நாலு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல "சைட் டவுன்"னு வருது. எந்திரிச்சுப் பார்த்தா நல்லாத்தான் ஓடுது. மாசம் 700 ரூபாய் பிளானுக்கு மாறுனா சரியாகுமுங்களா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால், இப்போதிருக்கும் கணக்கின் செட்டிங்ஸைத் திறந்து, எத்தனை முறை தவறினால் அலர்ட் அனுப்புகிறது என்று பாருங்கள். அநேகமாக 1 என்று இருக்கும்.

இந்தச் சேவைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உங்கள் பக்கத்தைக் கேட்கும். 10 விநாடி, 30 விநாடி என்று ஒரு கெடு இருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் ‘தவறியது’ என்று எழுதிக்கொள்ளும். சர்வர் செத்துக் கிடந்தாலும், வேறு வேலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணி என்றதுமே எனக்கு பேக்கப் மேல்தான் சந்தேகம். ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் பேக்கப் ஓட விடுவார்கள். உங்கள் பதிவேட்டைத் திறந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
02:00  200  1.4 s
02:05  timeout
02:06  timeout
02:07  200  3.1 s
```

தொடர்ந்து 3 முறை தவறினால் மட்டும் அலர்ட் என்று வைத்திருந்தால், இந்த ராத்திரி நீங்கள் தூங்கியிருப்பீர்கள். 02:07க்கு நல்ல பதில் வந்ததும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும்.

சரி, அப்படியானால் 10 என்று வைத்துவிட்டால் இன்னும் நிம்மதிதானே? அங்கேதான் நேரக் கணக்கு வருகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை, 3 தவறினால் அலர்ட் என்றால், சைட் நிஜமாகவே விழுந்தபிறகு உங்களுக்குத் தெரிய 10 முதல் 15 நிமிடம் ஆகும். 10 என்று வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். தீபாவளி ஆர்டர் வரும் நேரத்தில் அது கட்டாது.

இதற்கு வழி, மறுசோதனைக்கு மட்டும் தனி இடைவெளி வைப்பது. மேலே உள்ள பதிவில் 02:05க்குத் தவறியதும் அடுத்தது 02:06க்கே கேட்டிருக்கிறது பாருங்கள், அதுதான். சாதாரணமாக ஐந்து நிமிடம், தவறினால் ஒரு நிமிடம் என்றால், 3 தவறுக்கும் அதிகபட்சம் 7 நிமிடம்தான். கெடு முடியும் விநாடிகளைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆக, 700 ரூபாய் பிளானில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: மறுசோதனை இடைவெளியை நாமே மாற்றலாமா? முடியாது என்றால் அந்தப் பிளான் எனக்கு வேண்டாம். அழகழகான வரைபடம் காட்டுவார்கள், அதில் மயங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, மறுசோதனை வேறு ஊர் சர்வரிலிருந்தும் போகுமா என்பது. ஒரே இடத்திலிருந்து மூன்று முறை கேட்டால், அந்த இடத்து லைன் கோளாறிலேயே மூன்றும் தவறலாம். இலவசமான Uptime Kumaவைக் கடைக் கம்ப்யூட்டரில் போடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல மென்பொருள்தான். அதில் Retries என்ற இடத்தில் 2 போட்டால் மூன்றாவது தவறில் அலர்ட் வரும், Heartbeat Retry Intervalம் தனியாக உண்டு. நான் என் அறையில் ஓட்டிப் பார்த்தேன். வீட்டு லைன் போனால் சைட் விழுந்ததாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். அதை எனக்குச் சொல்லவும் லைன் இருக்காது.

மூன்று தவறினால்தான் அலர்ட் என்ற இந்த ஏற்பாட்டில் மாட்டாமல் தப்பிவிடும் கோளாறும் ஒன்று உண்டு. இரண்டு முறை தவறி, ஒரு முறை சரியாகி, மறுபடி இரண்டு முறை தவறி என்று நாள் முழுக்கத் திணறினாலும் மூன்று என்ற எண்ணை எட்டாது. அலர்ட்டே வராது. வாடிக்கையாளர்தான் போன் செய்வார். வாரம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டுங்கள். timeout எல்லாம் ராத்திரி இரண்டு மணியை ஒட்டியே இருந்தால் பேக்கப். பகலிலும் சிதறிக் கிடந்தால் ஹோஸ்டிங்காரரிடம் அந்த நேரங்களைக் காட்டிக் கேளுங்கள். பேக்கப் ஐந்தாறு நிமிடம் இழுத்தால் 3 தவறும் அதற்குள்ளேயே முடிந்து அலர்ட் வந்துவிடலாம். அதற்கு எண்ணைக் கூட்டாமல், பேக்கப்பை ஒட்டிய அரைமணி நேரத்தை, அலர்ட் அனுப்பாத பராமரிப்பு நேரமாகக் குறித்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இலவச நாட்களில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் சைட்டில் இல்லாத ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து உட்காருங்கள். 404 வரும், அதையும் ‘தவறியது’ என்றுதான் எண்ணும். எத்தனையாவது நிமிடத்தில் போன் அலறுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் சொன்ன கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.