இரண்டு பழைய படங்களை ஒன்றாக்குவதற்கு ஆகும் விலை, நாள், வரம்பு

கேள்வி: "அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தையும் அம்மாவின் கல்யாணப் படத்தையும் சேர்த்து, இருவரும் பக்கத்தில் நிற்பது போல 12க்கு 18 அங்குல அளவில் தர முடியுமா? எவ்வளவு ஆகும்?"

அன்புள்ள ஐயா, வணக்கம்.

குடியாத்தம் கடையில் தாங்கள் கொடுத்த இரு படங்களையும் ஸ்கேன் செய்து பார்த்தேன். சேர்க்கலாம், ஆனால் 8க்கு 12 அளவே நன்றாக வரும். தந்தையாரின் முகம் அந்தச் சிறு படத்தில் மூன்று சென்டிமீட்டர்தான். 12க்கு 18இல் அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகி, தாளின் சொரசொரப்பும் சேர்ந்து தெரியும். ஸ்கேனரை எவ்வளவு கூட்டினாலும் படத்தில் இல்லாத நுணுக்கம் வராது.

உண்மையான வேலை வெளிச்சத்தில் இருக்கிறது. தாயார் முகத்தில் மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, தந்தையாருக்கோ இடப்பக்கம். ஒரு படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டால் நிழல் பொருந்திவிடும் என்று சிலர் செய்வதுண்டு. தாயாரைத் திருப்பினால் மூக்குத்தியும் முந்தானையும் பக்கம் மாறும், தந்தையாரைத் திருப்பினால் வகிடும் சட்டைப் பையும் மாறும். வீட்டார் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். ஆகவே நிழலைக் கையாலேயே மாற்ற வேண்டும். நான் கேட்கும் 1,200 ரூபாயில் பெரும்பகுதி இதற்கே. பிரிண்டும் அதில் அடக்கம், பிரேம் தனி.

ஒரு குறை நிற்கும். தந்தையாரின் தாடையில் முத்திரை மை படிந்த இடத்தை ஊகித்தே வரைய முடியும். அதே வயதில் எடுத்த வேறு படம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். முன்பணம் 500 ரூபாய். மாதிரி நான்காம் நாள் கிடைக்கும். தாங்கள் பார்த்துச் சரியென்ற பிறகே பிரிண்ட் போடுவேன்.