சூடும் நேரமும்: லேசில் கலங்கும் வயிற்றோடு ஊர் சுற்றுபவர்களுக்குக் கேள்வி பதில்

எனக்கு எதைத் தின்றாலும் வயிறு உப்பும். பத்து நாள் பயணம் போகிறோம். ரொட்டியும் வாழைப்பழமுமே கதியா?

அந்தக் கதி வேண்டாம். 18 வருடமாக உணவு ஆலோசனை சொல்கிறேன், எனக்கும் சீக்கிரம் கலங்கும் வயிறுதான். உங்கள் பயத்துக்குள் இரண்டு பயம் இருக்கிறது: கிருமி தொற்றிவிடுமோ என்பது ஒன்று, வயிறு ஏற்காதோ என்பது இன்னொன்று. கிருமிக்குப் பார்க்க வேண்டியது சூடும் நேரமும். ஏற்காமைக்குப் பார்க்க வேண்டியது அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கொதிக்கக் கொதிக்க வரும் உள்ளூர்க் குழம்பை ஒதுக்கிவிட்டு, நறுக்கி வைத்த பழத்தைப் பாதுகாப்பு என்று எடுக்கிறோம். உண்மையில் அந்தப் பழத்தில்தான் ஆபத்து அதிகம்.

போய் இறங்கும் நாளில் பழகிய உணவை அரை வயிறு சாப்பிடுங்கள். தூக்கமும் நேரமும் தப்பியிருக்கும்போது குடல் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும். மறுநாள் மதியம் புதிய உணவு ஒன்று. ஒரு வேளைக்கு ஒன்று போதும், அதையும் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்து அரைத் தட்டு. மதியம் ஏன் என்றால், உப்பசம் வருவதானால் பெரும்பாலும் இரவுக்குள் தெரிந்துவிடும். இரவில் புதிதாக எதையும் தொடாமல் இருந்தால் தூக்கம் கெடாது. இப்படிப் போனால் பத்து நாளில் ஏழெட்டு உள்ளூர்ச் சுவைகளைப் பார்த்துவிடலாம்.

காரத்தில் கிருமி வாழாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். காரமாகப் பார்த்துச் சாப்பிட்டால் போதும்தானே?

பாதி சரி. சில மசாலாப் பொருட்களுக்குக் கிருமியை அடக்கும் சக்தி ஆய்வகத்தில் தெரிகிறது. ஆனால் தட்டில் விழும் அளவு அதற்குப் போதாது. கிருமியைக் கொல்வது அடுப்பின் சூடு. சொல்லப்போனால், மேசையில் திறந்தே கிடக்கும் காரத் துவையல் கிண்ணத்தில்தான் எனக்குப் பயம். பலர் கரண்டி விட்டது, காலையிலிருந்து அறைச் சூட்டில் இருப்பது.

தெருக்கடையில் வாங்குமுன் நான் பத்து நிமிடம் ஓரமாக நின்று பார்ப்பேன். போன முறை ஒரு கடையில் சட்டியிலிருந்து ஆவி பறந்தது, கூட்டமும் இருந்தது. ஆனால் காசு வாங்கிய அதே கையால் மேலே பச்சைத் தழையைக் கிள்ளித் தூவினார் கடைக்காரர். தழை வேண்டாம் என்று சைகை காட்டி வாங்கிச் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. கடையையே ஒதுக்க வேண்டியதில்லை, சூடு படாத அந்த ஒரு பிடியை ஒதுக்கினால் போதும்.

பெரிய விடுதி பஃபே என்றால் நம்பலாம் இல்லையா?

விடுதியின் அளவைவிட உணவு எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதுதான் முக்கியம். ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி வேகமாகப் பெருகும். அந்த இடைச்சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் தவிர்ப்பது வழக்கம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் இடத்தில் 1 மணி நேரம்தான் கணக்கு.

ஆகவே திறந்த உடனே போங்கள். மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. அதில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு ஆறிக் கிடக்கும்போது அது முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. பழைய சோற்றைப் பொரித்துத் தந்தால் சூடாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு மீன் சாப்பிட்டேன், ஒரு மணிக்கு வயிற்றுப்போக்கு. இனி ஜென்மத்துக்கும் மீன் இல்லை.

மீனைத் தண்டிக்குமுன் ஒன்று சொல்லுங்கள். வாந்தி இருந்ததா? அதற்கு முந்தைய நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள்?

வாந்தி இல்லை. தண்ணீராகப் போனது, லேசான காய்ச்சல். இரண்டாம் நாள் மதியம் நறுக்கிய பழமும், ஐஸ் போட்ட பழச்சாறும்.

கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது எல்லோரும் செய்வது. உணவிலேயே ஊறிய நஞ்சு என்றால் சில மணி நேரத்தில் காட்டிவிடும், பெரும்பாலும் வாந்திதான் முந்தும். பயணிகளுக்கு அதிகம் வரும் குடல் தொற்று அப்படியில்லை. கிருமி உள்ளே போய்ப் பெருக 1 முதல் 3 நாள் எடுக்கும். உங்களுக்கு வாந்தி இல்லை, காய்ச்சல் உண்டு. பழத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நாள், பொருந்துகிறது. பழமா, ஐஸா, கழுவாத கையா என்று பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றே மணி நேரத்தில் மீன் இதைச் செய்திருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த முறை முழுப் பழமாக வாங்கி, கை கழுவி, நீங்களே உரியுங்கள்.

மதுவில் போட்ட ஐஸ் பரவாயில்லை என்கிறார்களே?

இல்லை. கோப்பையில் இருக்கும் மதுவுக்கு ஐஸிலுள்ள கிருமியைக் கொல்லும் பலம் கிடையாது.

வெங்காயம், பூண்டு எனக்கு ஆகாது. எங்கே போனாலும் எல்லாவற்றிலும் இருக்கிறது. பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா?

குழம்பிலும் சூப்பிலும் பொறுக்கிப் பயனில்லை. உங்களைத் தொந்தரவு செய்யும் சத்து தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் வதக்கி, துண்டுகளை எடுத்துவிட்டுச் சமைத்ததைப் பலர் தாங்குகிறார்கள். சுட்டது, வாட்டியது பக்கம் போனால் உங்களுக்கு எளிது. உள்ளூர் மொழியில் ஒரு சிறு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வெங்காயம் இருக்கிறதா?" என்று எழுதினால் விருந்தாளி மனம் கோணக்கூடாதென்று "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். "வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எதைச் செய்து தர முடியும்?" என்று எழுதுங்கள்.

நான் தினமும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுகிறேன். வயிற்றுக்கு அதுவே பாதுகாப்புதானே அண்ணா?

நெஞ்செரிச்சலுக்குப் பாதுகாப்பு, கிருமிக்கு இல்லை. வயிற்று அமிலம்தான் உள்ளே வரும் கிருமியை முதலில் எதிர்க்கும் காவல். ஒமிப்ரசோல் போன்றவை அந்தக் காவலைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்த வேண்டாம் தங்கச்சி, தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயணத்தில் பச்சைக் காய்கறியில் மற்றவர்களைவிட நீங்கள் கறாராக இருக்க வேண்டும்.

பத்து வருடமாகக் கிளம்பும் முன், குடலுக்கு நல்ல கிருமி தரும் புரோபயாடிக் எடுக்கிறேன். ஒரு நாள்கூட வயிறு கெட்டதில்லை. அதைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை?

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை ஐயா. ஆய்வுகளின் முடிவு ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால்தான் எல்லோருக்கும் சொல்லத் தயங்குகிறேன். ஒத்துப்போனால் தொடருங்கள். அதை நம்பி ஆறிப்போன பஃபேயில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்படியும் கெட்டுப்போனால்?

பையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து வையுங்கள். இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடிவிடக் கூடாது. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். பசித்தால் சாப்பிடலாம், பட்டினி வேண்டாம். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீண்ட பேருந்துப் பயணம் போன்ற இக்கட்டில் போடலாம். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடாமல் நேரே டாக்டரிடம் போங்கள். குடித்த தண்ணீரும் தங்காமல் வெளியே வந்தாலும், சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தாலும் அப்படித்தான்.