ஆறு மாத பில்லா, ஓராண்டு பில்லா? வளைகோட்டுக்குள் இருக்கும் வட்டியைக் கணக்கிடுவது எப்படி

கேள்வி: ஐயா, என்னிடம் 50,000 வெள்ளி ரொக்கமாக இருக்கிறது. ஆறு மாத டி-பில் 2.90 விழுக்காடு, ஓராண்டு டி-பில் 2.70 விழுக்காடு என்று இருந்தால் எதை வாங்குவது? ஆறு மாதத்தில் வட்டி இறங்கும் என்பதால்தான் ஓராண்டுக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்கிறார் நண்பர். எவ்வளவு இறங்கும் என்று சந்தை நினைக்கிறது? அதை நாமே கண்டுபிடிக்க முடியுமா? மசேநி பணத்துக்கும் இதே கணக்குதானா? – வாசகர், ஈசூன்

பதில்: கண்டுபிடிக்க முடியும். கால்குலேட்டரில் ஒரு வகுத்தல், ஒரு கழித்தல், ஒரு பெருக்கல் போதும். ஆனால் கணக்கில் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

டி-பில் என்பது அரசாங்கம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான பத்திரம். உங்கள் முன் இரண்டு வழிகள். ஓராண்டு பில்லை வாங்கிவிட்டுச் சும்மா இருக்கலாம். அல்லது ஆறு மாத பில்லை வாங்கி, முதிர்ந்ததும் அந்தப் பணத்தில் இன்னொரு ஆறு மாத பில்லை வாங்கலாம். இரண்டாவது பில்லின் வட்டி எவ்வளவு இருந்தால் ஆண்டு முடிவில் இரண்டு வழிகளிலும் ஒரே தொகை கையில் நிற்கும்? வெவ்வேறு தவணைகளுக்கான வட்டிகளை வரிசையாக இணைத்தால் வரும் கோடுதான் வளைகோடு; அந்த வட்டிதான் அதற்குள் அடங்கியிருக்கும் வருங்காலக் குறுகிய வட்டி. இரண்டில் ஒன்று வெளிப்படையாக லாபமாக இருந்தால் எல்லாரும் அதையே வாங்கி அதன் விலையை ஏற்றிவிடுவார்கள். ஆகவே இந்த வட்டியும் ஆறு மாதம் கழித்துச் சந்தை எதிர்பார்க்கும் வட்டியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது எதிர்பார்ப்புக் கோட்பாடு.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு: ஓராண்டு வட்டியை இரட்டித்து, ஆறு மாத வட்டியைக் கழியுங்கள். 5.40-இல் 2.90 போனால் 2.50. மனக்கணக்குக்கு இது போதும். ஆனால் நம் ஊர் டி-பில்லில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏல முடிவில் சொல்லப்படும் விழுக்காடு, நீங்கள் போட்ட பணத்தின் மீதான வட்டி அல்ல. முகமதிப்பான 100-இலிருந்து கழிக்கப்படும் தள்ளுபடி. ஆகவே விழுக்காட்டை விட்டுவிட்டு விலையில் கணக்குப் போடுவதுதான் சுத்தம். 182 நாள் பில் 2.90 விழுக்காட்டில் 98.554-க்கு விற்கும். 364 நாள் பில் 2.70 விழுக்காட்டில் 97.307-க்கு விற்கும். ஓராண்டு விலையை ஆறு மாத விலையால் வகுத்தால், இரண்டாவது ஆறு மாதத்தின் விலை கிடைத்துவிடும்.

```
97.307 / 98.554 = 0.98735
(1 - 0.98735) x 365 / 182 = 2.54%
```

ஆக விடை 2.54 விழுக்காடு. குறுக்குவழியில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். 2.90-லிருந்து 2.54-க்கு இறங்கும் என்பதுதான் உங்கள் நண்பர் சொன்னதன் கணக்கு வடிவம். பாருங்கள், ஓராண்டு வட்டி 0.20 விழுக்காட்டுப் புள்ளிதான் குறைவு. ஆனால் உள்ளே அடங்கியிருக்கும் இறக்கம் 0.36. ஓராண்டு வட்டி என்பது இரண்டு அரையாண்டுகளின் சராசரி போன்றது. முதல் பாதி 2.90-இல் நிற்க, சராசரி 2.70-க்கு வரவேண்டுமென்றால் இரண்டாவது பாதி இன்னும் கீழே போயாக வேண்டும்.

இதை வெள்ளியில் பார்ப்போம். முகமதிப்பு 10,000 வெள்ளி கொண்ட ஓராண்டு பில்லுக்கு இன்று 9,730.70 வெள்ளி கட்டுவீர்கள். அதே தொகையை ஆறு மாத பில்லில் போட்டால், ஆறு மாதத்தில் 9,873.47 ஆகும். (பில்கள் ஆயிரத்தின் மடங்கில்தான் கிடைக்கும், கணக்குக்காக அதை ஒதுக்கி வைப்போம்.) அடுத்த ஏலத்தில் 2.54 விழுக்காடு கிடைத்தால் அது சரியாக 10,000 ஆகிவிடும். வட்டி இறங்காமல் 2.90-இலேயே நின்றால் சுமார் 10,018 வரும். 2.00-க்கு விழுந்தால் சுமார் 9,973 வரும். உங்கள் 50,000 வெள்ளிக்கு இது ஒரு பக்கம் ஏறக்குறைய 92 வெள்ளி ஆதாயம், மறுபக்கம் ஏறக்குறைய 135 வெள்ளி இழப்பு. இவ்வளவுதான் பந்தயம். இதற்காகப் பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வீண் வேலையாகவே படுகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த 2.54-ஐச் சந்தையின் முன்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? முழுதாக முடியாது. காசை நீண்ட காலம் பூட்டிவைக்கச் சிலர் கூடுதல் ஊதியம் கேட்பார்கள். அந்தக் காலப் பிரீமியமும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கும். இரண்டாவது அரையாண்டுக்கு அது 0.10 என்று வைத்துக்கொண்டால், சந்தை உண்மையில் எதிர்பார்ப்பது 2.44தான். பிரீமியம் எப்போதும் கூட்டலாகவே இருக்கும் என்றும் இல்லை. விதிமுறைகளுக்காக அரசாங்கப் பத்திரங்களை வைத்திருந்தே ஆகவேண்டிய வங்கிகள் ஓராண்டு பில்லை அள்ளிக்கொண்டால், அதன் வட்டி தேவைக்கு மேல் அழுத்தப்படும். அப்போது எதிர்பார்ப்பு 2.54-க்கு மேலேகூட இருக்கலாம். விலையை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்பார்ப்பையும் பிரீமியத்தையும் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. ஓராண்டுக்குள் முடியும் பில்களில் பிரீமியம் பொதுவாகச் சிறியது என்பது நமக்கு வசதி. இதே கணக்கைப் பத்து ஆண்டு, முப்பது ஆண்டுப் பத்திரங்களில் செய்து, ‘2040-இல் வட்டி இவ்வளவு’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைத் தானே வைக்கிறது. அங்கே வளைகோட்டைப் படிப்பது ஏறக்குறைய அந்த வங்கியின் அடுத்த கூட்டங்களைப் படிப்பதுதான். நம் சிங்கப்பூர் நாணய ஆணையமோ வட்டியை நிர்ணயிப்பதில்லை. பல நாணயங்களுக்கு எதிரான வெள்ளியின் மதிப்பு எவ்வளவு வேகமாக ஏறலாம் என்பதைத்தான் அது நெறிப்படுத்துகிறது. நம் குறுகிய வட்டி, அமெரிக்க வட்டியிலிருந்து வெள்ளி எவ்வளவு வலுக்கும் என்ற எதிர்பார்ப்பைக் கழித்ததுபோல, தானாக அமைகிறது. அதனால் உங்கள் 2.54-க்குள் இரண்டு ஊகங்கள் ஒட்டிக்கிடக்கின்றன: ஆறு மாதம் கழித்து அமெரிக்க வட்டி எங்கே இருக்கும், வெள்ளி எவ்வளவு வலுக்கும்.

2025-இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரியில் ஆறு மாத டி-பில் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அமெரிக்க மத்திய வங்கி அந்த ஆண்டு செப்டம்பர் வரை தன் வட்டியை 4.25 – 4.50 விழுக்காட்டிலேயே அசையாமல் வைத்திருந்தது. நாணய ஆணையம் ஜனவரியிலும் ஏப்ரலிலும் வெள்ளியின் ஏற்ற வேகத்தைக் குறைத்தது. ஏட்டுக் கணக்குப்படி இதனால் நம் வட்டி அமெரிக்க வட்டியை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. டாலர் வலுவிழக்க, பணம் வெள்ளியை நாடி வர, வங்கிகளிடம் வெள்ளி தாராளமாகப் புழங்க, ஆகஸ்டில் ஆறு மாத டி-பில் 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. ‘அமெரிக்கா குறைக்கவில்லையே, நம் வட்டியும் நிற்கும்’ என்று நம்பி ஆறு மாதம் ஆறு மாதமாகப் புதுப்பித்தவர்கள் அந்த முறை ஓராண்டு பில்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 2022 இதற்கு எதிர்ப்பக்கம்: ஆண்டுத் தொடக்கத்தில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த ஆறு மாத டி-பில், டிசம்பரில் 4.40-ஐத் தொட்டது. அந்த முறை குறுகிய பில்லில் இருந்தவர்கள் கொழித்தார்கள்.

ஆகவே 2.54-ஐ ஓர் எல்லைக்கோடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏலத்தில் 2.54-க்கு மேல் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தால் ஆறு மாதம். அதற்குக் கீழே போகும் என்று தோன்றினால் ஓராண்டு. எந்தக் கருத்தும் இல்லையா? அப்படியானால் வட்டியை மறந்துவிட்டு, பணம் எப்போது தேவை என்று பாருங்கள். டி-பில்லை முன்கூட்டியே அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க முடியாது. சந்தை விலைக்கு வங்கியிடம் விற்கத்தான் முடியும். ‘2.90 பெரிது, 2.70 சிறிது’ என்று மட்டும் பார்த்து ஆறு மாத பில்லை எடுப்பதுதான் தவறு. இரண்டாவது அரையாண்டு அந்த ஒப்பீட்டில் வரவே இல்லை.

எண்களை எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. ஆறு மாத பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏலத்துக்கு வருகிறது. ஓராண்டு பில் ஆண்டுக்கு நான்கே முறை. போன வார ஆறு மாத விலையையும் இரண்டு மாதம் பழைய ஓராண்டு விலையையும் வகுத்தால் வருவது குப்பை. சில நேரம் அந்தக் கணக்கில் வட்டி 1 விழுக்காட்டுக்குப் போவதுபோலவோ 4-க்கு ஏறுவதுபோலவோ தெரியும். அப்படி ஒரு விசித்திர எண் வந்தால் முதலில் தேதிகளைச் சரிபாருங்கள். நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் அரசாங்கப் பத்திரங்களின் சந்தை விலையும், அந்த விலைக்கு வாங்கினால் கிடைக்கும் வட்டியான ஈவும் நாள்தோறும் வெளியாகின்றன. இரண்டு எண்களையும் ஒரே நாளிலிருந்து எடுங்கள்.

வகுத்தலே வேண்டாம் என்பவர்கள் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தின் வட்டி அட்டவணையைப் பார்க்கலாம். இரண்டு ஆண்டு வைத்திருந்தால் இரண்டு ஆண்டுப் பத்திரத்தின் ஈவு, மூன்று ஆண்டு வைத்திருந்தால் மூன்று ஆண்டுப் பத்திரத்தின் ஈவு என்று சராசரி வரும்படி அது கட்டப்படுகிறது. ஆகவே அதில் இரண்டாம் ஆண்டுக்குப் போட்டிருக்கும் வட்டி, ஏறக்குறைய நாம் மேலே கணக்கிட்ட வகை எண்தான். ஆனால் உங்கள் கேள்வியில் உள்ளதுபோல வளைகோடு தலைகீழாக இருக்கும்போது அது உதவாது. ஆண்டுக்கு ஆண்டு வட்டி குறையக் கூடாது என்பது அந்தப் பத்திரத்தின் விதி என்பதால், இறங்க வேண்டிய இடங்களை அட்டவணையில் சமப்படுத்திவிடுவார்கள்.

மசேநி பணத்துக்கு எல்லைக்கோடு வேறு. சாதாரணக் கணக்கில் வட்டி அந்தந்த மாதத்தின் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் கணக்கிடப்படுகிறது. பணம் வெளியே போகும் மாதத்திலும் திரும்பி வரும் மாதத்திலும் சில நாள்களுக்காக முழு மாத வட்டி போய்விடும். 2.5 விழுக்காட்டில் 50,000 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி சுமார் 104 வெள்ளி. ஆறு மாத பில் முதிர்ந்து, பணம் சாதாரணக் கணக்குக்குத் திரும்பி, மீண்டும் வெளியே போவதில் ஒரே ஒரு மாதம் கூடுதலாக வீணானாலும், வட்டி 2.90-இலேயே நின்றால் கிடைக்கக்கூடிய அந்த 92 வெள்ளியை அது விழுங்கிவிடும்.