மூன்று பேர் திருத்திய ஒரே புத்தகம்: தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குளங்களின் வரலாற்றை 180 பக்கங்களில் எழுதி, வேர்டு கோப்பாக மூன்று நண்பர்களுக்கு அனுப்பினேன். மூவரும் திருத்தங்களும் ஓரக் குறிப்புகளும் போட்டுத் தனித்தனியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இவற்றை ஒன்றாக்கத் தனி மென்பொருள் வாங்க வேண்டும், இல்லையென்றால் பக்கக் கணக்கில் பணம் தர வேண்டும் என்கிறார் டிடிபி கடைக்காரர். வாங்கலாமா? - மார்த்தாண்டம் வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். கணினியில் நிறுவிய வேர்டு உங்களிடம் இருந்தால் இந்த வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. உலாவியில் திறக்கும் இலவச வேர்டில் இது கிடையாது. வேர்டே இல்லையென்றால், விலையில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் `Edit > Track Changes > Merge Document` இருக்கிறது.

முதலில் மூவருக்கும் அனுப்பிய மூலக் கோப்பைத் தேடி எடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பியவை பகுதியில் அப்படியே இருக்கும். அனுப்பிய பிறகு நீங்களும் உங்கள் பிரதியில் கை வைத்திருந்தால் அது மூலம் அல்ல. அதை நான்காவது திருத்துநரின் பிரதியாகவே கணக்கில் வையுங்கள். பெரும்பாலான குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இனி `Review > Compare > Combine` திறந்து, முதல் பெட்டியில் மூலக் கோப்பையும் இரண்டாவதில் முதல் நண்பரின் கோப்பையும் கொடுங்கள். இரண்டாவது பெட்டிக்குக் கீழே உள்ள `Label unmarked changes with` என்ற கட்டத்தில் அந்த நண்பரின் பெயரை எழுதுங்கள். திருத்தப் பதிவை இயக்க மறந்து அவர் நேரடியாக மாற்றிய இடங்கள்கூட அப்போது அவர் பெயரிலேயே தெரியும். `More` பொத்தானை அழுத்தி `Formatting` குறியை எடுத்துவிடுங்கள். எழுத்துருவும் பத்தி அமைப்பும் இந்தக் கட்டத்தில் தொல்லைதான். முடிவைப் புதிய கோப்பாகச் சேமித்து, அதனுடன் இரண்டாமவர் கோப்பை, பிறகு மூன்றாமவர் கோப்பை இதேபோல் சேருங்கள்.

இணைத்ததும் பக்கம் முழுவதும் சிவந்து, மாறாத சொல்லெல்லாம் மாறியதாகக் காட்டினால் பதற வேண்டாம். யாரோ ஒருவர் கோப்பைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித் திருத்தியிருப்பார். கண்ணுக்கு அதே தமிழ், கணினிக்கு வேறு எழுத்து. அந்தப் பிரதியை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேருங்கள். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகள் வருகிற சொற்கள் மட்டும் அடிபட்டு, அதே சொல் மறுபடி எழுதப்பட்டிருந்தால் காரணம் இன்னும் நுண்ணியது. யூனிகோடில் கொகரத்தின் குறியை ஒரே எழுத்தாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். தட்டச்சுப் பலகைக்குப் பலகை இது மாறும். அந்த மாற்றங்களைக் கவலையின்றி நிராகரிக்கலாம்.

எல்லாம் சேர்ந்ததும் `Accept All` பக்கம் கை போகும். தயவுசெய்து அழுத்தாதீர்கள். கோப்புகளைச் சேர்ப்பதுதான் வேர்டின் வேலை, முரண்பாட்டைத் தீர்ப்பது உங்கள் வேலை. உங்கள் மூலத்தில் "கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் உருவானது" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் "1956-இல்" என்பதை அடித்து "1956 நவம்பர் 1-ஆம் நாள்" என்கிறார். இன்னொருவர் அதே சொல்லை அடித்து "மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது" என்கிறார். இரண்டையும் ஏற்றால் "நாள்மொழிவழி" என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாமவர் வாக்கியத்தையே நீக்கியிருந்தால், மற்ற இருவரும் நுழைத்த சொற்கள் மட்டும் தலையும் வாலும் இல்லாமல் மிஞ்சும். இரண்டு நிறங்கள் அடுத்தடுத்துத் தெரிகிற இடமெல்லாம் இப்படிப்பட்ட இடம். அங்கே நின்று, வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள்.

மூவரில் ஒருவர் எழுத்துப்பிழை மட்டுமே பார்த்தவராக இருந்தால் வேலை குறையும். `Show Markup > Specific People` சென்று அவர் பெயரில் மட்டும் குறியை வைத்து, சில பக்கங்களைப் பார்த்து நம்பிக்கை வந்ததும் `Accept All Changes Shown` கொடுங்கள். மற்ற இருவரின் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரக் குறிப்புக்கு உரிய வேலையை முடித்த பிறகே அதை அழியுங்கள்.

`No Markup` காட்சியில் கோப்பு தெளிவாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; திருத்தங்கள் மறைந்திருக்கின்றன, போகவில்லை. `Reviewing Pane` திறந்து, மிஞ்சிய திருத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள். அதன் பிறகு அந்தக் கோப்பைக் கடையில் கொடுத்துப் பக்க வடிவமைப்புக்கு மட்டும் விலை பேசுங்கள். அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்ற வேண்டியிருந்தால் மாற்றட்டும், ஆனால் அதற்குப் பின் வருகிற திருத்தத்தை அச்சுப்படியில் பேனாவால் குறித்துக் கொடுங்கள். கடையில் மாற்றிய கோப்பை மறுபடி உங்கள் வேர்டு பிரதியோடு இணைக்க முயலாதீர்கள்.